பணம் வந்ததா, வரவில்லையா? சரக்கு ஏற்றும் முன் சந்தைக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நான் காய்கறி மொத்தச் சந்தையில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவன். போன மாதம் எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், “ஜிபே பண்ணிட்டேன்னு சொல்லி ஏமாத்துறாங்களே, அதைப் பத்தி கொஞ்சம் பேசு” என்று எழுப்பி நிறுத்திவிட்டார்கள். இருபது நிமிடம் பேசினேன். சொன்னது ஒரே விஷயம்தான்: வாங்குகிறவர் போனில் தெரிவது அவருடைய சாட்சி, நம் பக்கம் வந்த வரவுதான் நம் சாட்சி, அதைப் பார்த்த பிறகுதான் மூட்டை நகர வேண்டும். கேட்கும்போது எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தினம் யாராவது அதே சந்தேகங்களோடு வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.

“அவர் போன்ல பச்சை டிக் வந்துடுச்சே. கடை பேரும் தொகையும் சரியா இருக்கு. அப்புறம் என்ன சந்தேகம்?”

அந்தத் திரையை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம். கடைப் பெயர், தொகை இரண்டையும் தட்டினால் போதும், பச்சை டிக், டிங் என்ற சத்தம், தேதி, நேரம், 12 இலக்க எண் எல்லாவற்றோடும் அச்சு அசலாகக் காட்டும் போலி ஆப்கள் சுற்றுகின்றன. அதில் பணம் எங்கும் போகாது. வெறும் படம்.

எங்கள் வரிசையில் நடந்ததைச் சொல்கிறேன். காலை 4.50 இருக்கும். முன்பின் தெரியாத ஒரு பையன் வாடகை லோடு ஆட்டோவோடு வந்தான். சின்ன வெங்காயம் 6 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 42 ரூபாய். மொத்தம் 12,600. போனை நீட்டிக் காட்டினான், டிக் இருந்தது. பின்னால் நாலு பேர் நின்றார்கள். கடைக்காரர் தலையாட்ட, லோடுமேன் ஏற்றிவிட்டார். ஒன்பது மணிக்கு வரவைச் சரிபார்க்கும்போது 4.47க்கு 3,150 இருக்கிறது, 4.58க்கு 780 இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. வரவு சொல்லும் பெட்டி அன்று பேசவே இல்லை. யாரோ போனுக்குச் சார்ஜ் போட அதன் வயரைப் பிடுங்கியிருந்தார்கள்.

பிறகு யோசித்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. அவன் காட்டிய திரையில் இருந்தது பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் மண்டியின் பெயர். ஆனால் அந்தக் கடைக்கு உண்மையாகப் பணம் அனுப்புகிற எல்லாருக்கும் முதலாளியின் சொந்தப் பெயர்தான் வரும், ஏனென்றால் வங்கிக் கணக்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பலகையைப் பார்த்துத் தட்டியிருக்கிறான். ஆனால் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வருகிறவன் முதலில் ஸ்கேன் செய்து சரியான பெயரைத் தெரிந்துகொண்டு தட்டுவான்.

“அப்போ நான் எதைத்தான் பார்க்கணும்?”

உங்கள் க்யூஆர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. நம் சந்தையில் எல்லாரும் ‘ஸ்கேனர்’ என்கிறோமே, அந்த அட்டைதான்.

சொந்த போன் நம்பரில் வரும் சாதாரண க்யூஆர் என்றால் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். உங்கள் ஆப்பில் வரவு செலவுப் பட்டியலைத் திறந்தால் முதல் வரியாக அது நிற்க வேண்டும். கம்பெனி கொடுத்த கடை க்யூஆர் என்றால் பெரும்பாலும் அன்றைய விற்பனை மொத்தமும் சேர்த்து ராத்திரியோ மறுநாளோ ஒரே தொகையாக வங்கிக்குப் போகும். அப்படிப்பட்டவர்கள் வங்கி மெசேஜுக்காகக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். அந்தக் கம்பெனியின் வியாபாரிகளுக்கான ஆப்பைத் திறந்து அதில் வரும் பட்டியலைப் பார்க்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் நேற்றைய வங்கிக் கணக்கைப் பாருங்கள். தனித்தனியாக விழுந்திருந்தால் முதல் வகை, மொத்தமாக விழுந்திருந்தால் இரண்டாவது.

பட்டியலில் மூன்றைப் பொருத்திப் பாருங்கள்: தொகை, நேரம், அனுப்பியவர் பெயர். கூட்ட நேரத்தில் ஒரே தொகை இரண்டு வரவு வந்திருந்தால் மட்டும் அந்த 12 இலக்க எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். திரையில் அது UTR என்றோ UPI transaction ID என்றோ இருக்கும். அவர் வாசித்த பிறகு நீங்கள் தேடிப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் போனில் இருப்பதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, அப்புறம் அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிலர் ஒவ்வொரு ஆளுக்கும் ‘பேலன்ஸ் செக்’ போடுகிறார்கள். அதற்கு ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் தட்ட வேண்டும், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். தவிர, 2025 ஆகஸ்டிலிருந்து ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் இருப்பு பார்க்க முடியும். நம் சந்தையில் அது ஆறு மணிக்கே தீர்ந்துவிடும்.

“பேங்க் மெசேஜ் வந்துச்சுங்க. அது போதாதா?”

பெரும்பாலும் போதும், ஆனால் இரண்டு தடவை பார்க்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் மெசேஜ் 10 இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது. அனுப்பியவர் இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நடுவில் கோடுமாக ஒரு பெயர்தான் இருக்கும். ‘உங்கள் கணக்கில் 12,600 வரவு’ என்று யாரோ தன் நம்பரிலிருந்து டைப் செய்து அனுப்பினாலும் அது நம் போனில் மெசேஜாகத்தான் வந்து உட்காரும். அவசரத்தில் யாரும் மேலே பார்ப்பதில்லை. பழைய மெசேஜ்களில் உங்கள் வங்கி எந்தப் பெயரில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வராத மெசேஜாலும் குழப்பம் உண்டு. சில வங்கிகள் சின்னத் தொகைக்கு மெசேஜ் அனுப்புவதை நிறுத்திவிட்டன. வருகிற மெசேஜும் நெரிசலில் பத்து நிமிடம் கழித்து வரும். அதனால் ‘மெசேஜ் வரலை, பணம் வரலை’ என்று நல்ல ஆளிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். வந்தாலும் வராவிட்டாலும் கடைசித் தீர்ப்பு முந்தின பதிலில் சொன்ன பட்டியல்தான்.

“பெட்டி சத்தமா சொல்லிடுச்சுன்னா கொடுத்துடலாமா?”

கொடுக்கலாம். விடியற்காலை கூட்டத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. கம்பெனியின் கணக்கில் வரவு பதிந்தால்தான் பேசும், வாங்குகிறவர் போனுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஆனால் காதில் என்ன விழுந்தது என்பதில்தான் சிக்கல். பக்கத்துக் கடையிலும் அதே பெட்டி, அதே குரல். ‘ஆயிரத்து இருநூறு ரூபாய்’ என்று பக்கத்தில் கத்தினதைக் கேட்டுவிட்டு நம் சரக்கை ஏற்றிய கதை எங்கள் வரிசையில் உண்டு. அப்புறம் தொகையின் கடைசிப் பாகம் மட்டும் காதில் விழும். ‘பன்னிரண்டாயிரத்து அறுநூறு’ என்று நாம் எதிர்பார்த்து நிற்கும்போது வெறும் ‘அறுநூறு’ வந்தாலும் மூளை மீதியைச் சேர்த்துக்கொள்ளும். பல பெட்டிகளில் கடைசி வரவைத் திரும்பச் சொல்ல ஒரு பட்டன் இருக்கிறது, சந்தேகம் என்றால் அதை அழுத்துங்கள். பெரிய பில்லுக்குக் காதை நம்பாமல் பட்டியலைத் திறந்து கண்ணால் பாருங்கள். எங்கள் மண்டியில் 5,000க்கு மேல் என்றால் கண், கீழே என்றால் காது. அது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு, உங்கள் கடைக்குத் தகுந்த மாதிரி வையுங்கள்.

பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில், ஆள் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். அதன் சார்ஜர் வயரில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு டேப்பை ஒட்டி எழுதி வையுங்கள். சிரிக்காதீர்கள், 12,600 ரூபாய் அந்த வயரில்தான் போனது.

“பெட்டி பேசலை, லிஸ்ட்லயும் இல்லை. ஆனா அவர் அக்கவுண்ட்ல பிடிச்சிடுச்சுங்கிறார். பாவமா இருக்கே?”

அவர் உண்மையைச் சொல்லலாம். நெட்வொர்க் நெரிசலில் அவர் கணக்கில் கழிந்து நமக்கு வராமல் நடுவில் நிற்பது நடக்கிறதுதான். அப்போது பெரும்பாலும் அவர் திரையில் பச்சை டிக் இருக்காது, ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பொருளில் Pending என்றோ Processing என்றோ மஞ்சள் நிறத்தில் நிற்கும். மூன்று நாலு நிமிடம் பொறுத்து இரண்டு பேரும் அவரவர் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். பாதி கேஸ் அதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், நடுவில் நின்ற பணம் பின்னால் நமக்கு வந்து சேரலாம், இல்லையென்றால் அவருக்கே திரும்பும். இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் காலக்கெடு வைத்திருக்கிறது. தனி ஆள் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், கடை க்யூஆருக்கு அனுப்பியது என்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி அவருக்குக் கொடுக்க வேண்டும். இதை அவருக்குச் சொல்லுங்கள், பணம் போய்விட்டதே என்ற பதற்றம் அடங்கும்.

சரக்கை என்ன செய்வது? ரொக்கமாகவோ வேறு கணக்கிலிருந்தோ கொடுத்தால் ஏற்றுங்கள். முடியாது என்றால் மூட்டையில் சீட்டு குத்தி ஓரமாக எடுத்து வையுங்கள், வரவு வந்ததும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு தடவை பணம் வந்துவிட்டால் மறுநாள் திருப்பித் தருவதாகப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இந்த ஒரு வரிக்கு நல்ல வாடிக்கையாளர் மசிந்துவிடுவார். ‘இல்லை, இப்பவே வேணும், லாரி கிளம்புது’ என்று கத்துகிறவரிடம் நான் இன்னும் மெதுவாகப் பேசுவேன்.

“கல்லாவுல பையன்தான் இருப்பான், போன் என்கிட்ட. நான் வீட்டுல தூங்குறப்ப அவன் எதைப் பார்ப்பான்?”

இதுதான் நிறையக் கடைகளில் ஓட்டை. க்யூஆர் முதலாளியின் நம்பரில், போன் முதலாளியின் தலையணைக்கு அடியில். கல்லாவில் இருக்கிற பையனுக்கு வாங்குகிறவர் போனைத் தவிர வேறு திரையே கிடையாது. அவனைத் திட்டி என்ன செய்வது?

கடை க்யூஆர் தரும் கம்பெனிகளின் ஆப்களில் வேலையாளையும் சேர்க்கும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. அவன் நம்பரைச் சேர்த்தால் வரவுப் பட்டியல் மட்டும் அவன் போனில் தெரியும், பணத்தை எடுக்கவோ அனுப்பவோ முடியாது. அதைச் செய்யுங்கள், கூடவே ஒரு பெட்டியும் வையுங்கள். உங்கள் பின் நம்பரை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். வரவு பார்க்க அது தேவையே இல்லை.

அப்புறம் ஏற்றுகிற வேலையையும் இதோடு கட்டிவிடுங்கள். எங்கள் மண்டியில் வரவு பார்த்த பிறகுதான் பில்லில் ‘வரவு’ முத்திரை விழும். முத்திரை இல்லாத சீட்டுக்கு லோடுமேன் மூட்டையைத் தொட மாட்டார். முதலாளியே கத்தினாலும் தொட மாட்டார், முதல் வாரம் அதற்காக இரண்டு தடவை திட்டும் வாங்கினார்.

“ராத்திரியோட ராத்திரியா ஸ்கேனரையே மாத்தி ஒட்டிட்டா?”

நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோவில் கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்க்கிலும் ராத்திரியில் வேறு க்யூஆரை மேலே ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்தவர்கள் உண்மையாகவே பணம் அனுப்பினார்கள், டிக்கும் உண்மை. பணம் வேறு ஒருவன் கணக்குக்குப் போனது.

இதில் வாங்குகிறவர் மேல் தப்பில்லை என்பதால்தான் கவனம் அதிகம் வேண்டும். கடை திறந்ததும் உங்கள் அட்டையை நீங்களே இன்னொரு போனிலிருந்து ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் போடுங்கள். பெட்டி பேசினால் சரி. 2025 ஜூன் முடிவிலிருந்து, பணம் அனுப்புவதற்கு முன்னால் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரைத்தான் ஆப் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே ஸ்கேன் செய்கிறவரிடம் “என்ன பேர் காட்டுது?” என்று கேட்பது ஒரு நல்ல பழக்கம். அட்டையைக் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் மேலே ஒட்டினது உடனே தெரியும். கடை மூடும்போது வெளியில் தொங்கும் அட்டையை எடுத்து உள்ளே வைப்பது அதைவிட எளிது.

“ஒருத்தர் போன் பண்ணி, ‘500க்கு பதிலா 5,000 போட்டுட்டேன், மிச்சம் 4,500 திருப்பிப் போடுங்க’ன்னார். மெசேஜும் வந்தது. போட்டுட்டேன்.”

அந்த மெசேஜ் எந்த நம்பரிலிருந்து வந்தது என்று மெசேஜ் பற்றிய கேள்வியில் சொன்னபடி பாருங்கள். பெரும்பாலும் 5,000 வந்தே இருக்காது. வராத பணத்துக்கு மிச்சம் கொடுத்திருப்பீர்கள்.

உண்மையாகவே அதிகமாக வந்திருந்தாலும் அவர் சொல்கிற புது நம்பருக்கு அனுப்பாதீர்கள். வந்த வழியிலேயே போக வேண்டும். வியாபாரி ஆப்பில் அந்த வரவைத் தொட்டால் ‘ரீஃபண்ட்’ இருக்கும், அதில் கொடுத்தால் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பும். அந்த வசதி இல்லையென்றால் அவருடைய வங்கி வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். காரணம், அந்தப் பணம் வேறொருவரை ஏமாற்றி எடுத்ததாக இருக்கலாம். திருட்டுப் பணம் உங்கள் கணக்கில் நுழைந்து, நீங்கள் தட்டிய பின்னால் மூன்றாவது கணக்குக்குப் போனால், போலீஸ் பார்க்கிற வரிசையில் நடுவில் நிற்பது நீங்கள்.

“பெரிய ஆர்டர், அட்வான்ஸ் போடறேன்னு சொல்லி ஒரு க்யூஆர் அனுப்பினார். ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வரும்ங்கிறார். வருமா?”

போகும். பின் நம்பர் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணத்தை வெளியே விடுகிற சாவி. வாங்குவதற்குப் பின் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. ராணுவ கேண்டீன், ஹோட்டல், கல்யாண ஆர்டர் என்று பேரை மாற்றி மாற்றிச் சொல்வார்கள், விலையும் பேச மாட்டார்கள். 200 கிலோ பூண்டு விலை பேசாமல் வாங்குகிறவர் நம் சந்தையில் யார் இருக்கிறார்?

தனி ஆட்கள் ஒருவருக்கொருவர் ‘பணம் கொடு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரோடு யுபிஐயில் நிறுத்திவிட்டார்கள். அதை வைத்தும் ஏமாற்று வேலை நடந்தது. க்யூஆர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

“லட்சக்கணக்கில் சரக்கு. NEFT போட்டுட்டேன்னு ரசீது அனுப்பறாங்க. லாரியை விடலாமா?”

ரசீதுக்கு விடாதீர்கள். அது ‘வங்கியிடம் சொல்லிவிட்டேன்’ என்பதற்கான சீட்டுதான். NEFT அரை மணிக்கு ஒரு தடவை தொகுப்பாகப் போகும், 2019 டிசம்பரிலிருந்து ராத்திரி பகல், ஞாயிறு திங்கள் என்று பார்க்காமல் ஓடுகிறது. ஆகவே ‘இன்னிக்கு பேங்க் லீவு, நாளைக்கு விழும்’ என்ற பேச்சு பழைய காலத்துப் பேச்சு. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வராவிட்டால் ஏதோ சரியில்லை. நாளைய தேதி போட்டு வைத்துவிட்டு, இன்றைக்கு ரசீதைக் காட்டி, ராத்திரி ரத்து செய்கிறவர்களும் உண்டு.

2 லட்சத்துக்கு மேல் என்றால் RTGS போடச் சொல்லுங்கள், பொதுவாக அரை மணி நேரத்தில் வந்துவிடும். குறைவு என்றால் IMPS, உடனே விழும். தனி ஆள் நம்பருக்கு ஒரே தடவையில் 1,40,000 யுபிஐயில் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் பட்டியலைக்கூடத் திறக்க வேண்டாம். தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 லட்சத்துக்கு மேல் அப்படிப் போகாது.

இதில் ரொம்பப் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது, இன்னும் வேலை செய்கிறது. உங்கள் கணக்கில் ஒரு செக்கைப் போட்டுவிட்டு, அந்தச் சலானை வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். வங்கி ஆப்பில் மொத்த இருப்பில் அந்தத் தொகை ஏறியது போலக்கூடத் தெரியலாம். செக் பாஸ் ஆன பிறகுதான் அது உங்கள் பணம். ஆப்பில் Available balance என்ற வரியைப் பாருங்கள், எடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

“பதினைஞ்சு வருஷமா வாங்குறவர். அவர் முன்னாடி போனைத் திறந்து பார்த்தா தப்பா நினைக்க மாட்டாரா?”

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்டது இதுதான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது, இதற்குக் கொஞ்சம் தடுமாறினேன். பிறகு எங்கள் வரிசையில் மூத்த அண்ணாச்சி ஒருவர் எழுந்து சொன்னார்: “நோட்டு கொடுத்தா எண்ணித்தானே கல்லாவுல போடுறோம்? அப்ப யாராவது கோவிச்சாங்களா?”

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழகினவருக்குப் பணம் வராமலே சரக்கு கொடுப்பது தப்பில்லை, நம் சந்தையே கடனில்தான் ஓடுகிறது. ஆனால் அதைக் கடன் என்று நோட்டில் எழுதுங்கள். வராத பணத்தை வந்ததாக எழுதினால்தான் மாசக் கடைசியில் உறவு கெடும். “அண்ணே, இன்னும் வரலை, கடன்ல எழுதிக்கிறேன், வந்ததும் அடிச்சிடறேன்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

“பணம் வந்துச்சு, பார்த்துதான் கொடுத்தேன். நாலு நாள் கழிச்சு அக்கவுண்ட்டை முடக்கிட்டாங்க. இது என்ன நியாயம்?”

வரவைச் சரியாகப் பார்த்தாலும் இதைத் தடுக்க முடியாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தில் ஒருவன் உங்களிடம் வெங்காயம் வாங்கியிருப்பான். பணத்தை இழந்தவர் புகார் கொடுத்ததும் அது போன கணக்குகளை எல்லாம் வரிசையாக நிறுத்துவார்கள். அதில் உங்களுடையதும் ஒன்று.

முதலில் வங்கிக் கிளையில் எழுத்தாகக் கேளுங்கள்: எந்த வரவுக்காக, எவ்வளவு தொகை, எந்த ஊர் போலீஸ், புகார் எண் என்ன. அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியை விடச் சொல்லி மனு கொடுங்கள். அந்த வரவுக்கான பில், அன்றைய சரக்குப் பதிவு, வண்டி எண், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அது எல்லாவற்றையும் அந்தப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். பில்லே போடாமல் விற்றவர்கள்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் பெரிய தொகைக்கு வாங்கினால் பில்லில் போன் நம்பரும் வண்டி எண்ணும் எழுதுங்கள். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் பிரித்துவிடுங்கள், ஒன்று நின்றாலும் பள்ளிக்கூட ஃபீஸ் நிற்காது.

“சரி, ஏமாந்துட்டேன். 1930க்கு போன் பண்ணா பணம் திரும்புமா?”

எப்படி ஏமாந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மிச்சத்தைத் திருப்பிப் போட்டது, பின் நம்பர் தட்டியது போல உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்கத்தான் அந்த எண் இருக்கிறது. அவன் ஏடிஎம்மில் எடுப்பதற்குள் நிறுத்த வேண்டும், அதனால் கடையை மூடிவிட்டு மதியம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

போலி டிக்கைக் காட்டிச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனது வேறு கதை. அதில் உங்கள் பணம் எங்கும் போகவில்லை, நிறுத்தி வைக்க ஒரு கணக்கும் கிடையாது. போனது மூட்டை. அது நேராக உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய மோசடிப் புகார். நாம் 420 என்று சொல்லிப் பழகியது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318வது பிரிவில் இருக்கிறது. கையோடு கொண்டுபோக வேண்டியவை: பில் நகல், அந்த நேரத்து வரவுப் பட்டியல் (அந்தத் தொகை இல்லை என்பதுதான் சாட்சி), கேமரா பதிவு, வண்டி எண். கேமராவில் பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அன்றே பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

12,600 போன கடைக்காரருக்கு உதவியது அந்த வாடகை ஆட்டோதான். நுழைவுக் கேமராவில் எண் கிடைத்தது, டிரைவர் எந்தத் தெருவில் இறக்கினேன் என்று சொன்னார். அவருக்கும் அந்தப் பையன் வாடகை 400 ரூபாயை டிக் காட்டித்தான் கொடுத்திருந்தான்.